சென்ட்ரல் லைன் செக்லிஸ்ட் விதியால் ரத்தத் தொற்று குறைந்ததா? காலத்தொடர் பகுப்பாய்வுத் திட்டம்

பெறுநர்: மருத்துவமனைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு
அனுப்புநர்: சமூக மருத்துவத் துறை, புள்ளியியல் பிரிவு
பதிப்பு 1, 12 ஜனவரி 2026

ஏன் இந்தத் திட்டம்

2024 ஜூலை 1 முதல் நம் மூன்று ஐ.சி.யூக்களிலும் (மெடிக்கல் 28 படுக்கை, சர்ஜிக்கல் 24, நியூரோ 20) செக்லிஸ்ட் இல்லாமல் சென்ட்ரல் லைன் போடக்கூடாது என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. கை கழுவுதல், முழு உறை, குளோர்ஹெக்சிடின், முடிந்தவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவை முடிந்த லைனை அன்றைக்கே எடுத்தல் ஆகிய ஐந்தும் அதில் அடக்கம். ஒரு படி விட்டுப்போனால் அருகில் நிற்கும் சிஸ்டரே வேலையை நிறுத்தலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஐ.சி.யூக்களில் செய்ததைப் பார்த்து எடுத்த முறை இது. 2006-ல் வெளியான அந்த ஆய்வில் தொற்றின் இடைநிலை வீதம் 1,000 கேத்தீட்டர் நாளுக்கு 2.7-லிருந்து மூன்று மாதத்தில் பூஜ்யமானது. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழு இல்லை. அதே முறையை இங்கிலாந்தில் செய்து பார்த்தபோது, திட்டத்தில் இன்னும் சேராத ஐ.சி.யூக்களிலும் தொற்று இறங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. நாமும் அதே இடத்தில்தான் இடற வாய்ப்பிருக்கிறது.

விதிக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு என்று இரண்டு பார் வரைந்து காட்டும் ஸ்லைடு ஏற்கெனவே சுற்றுகிறது. அது போதாது என்பதற்கு ஒரு கணக்கு. விதி வருவதற்கு முன்பே தொற்று மாதம் 1.5% வீதம் குறைந்துகொண்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். முன்காலத்தின் நடுவிலிருந்து பின்காலத்தின் நடுவுக்கு 28 மாதம். விதியே வராவிட்டாலும் அந்த இடைவெளியில் வீதம் சுமார் 35% இறங்கியிருக்கும். ஸ்லைடில் அது முழுக்க விதியின் சாதனையாகத் தெரியும்.

ஆகவே நாங்கள் கேட்கும் கேள்வி வேறு: விதி வந்திராவிட்டால் பழைய போக்கின்படி எங்கே நின்றிருப்போம், இப்போது எங்கே நிற்கிறோம்?

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 2025 மார்ச் வரையிலான மாத எண்ணிக்கையைக் குழுக் கூட்டத்தில் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். அதற்குப் பிந்தைய எண்ணிக்கையைப் பார்க்கவில்லை, 2026 செப்டம்பர் வரை கேட்கவும் மாட்டோம்.

காலம்

முன்காலம் 2022 மார்ச் முதல் 2024 ஜூன் வரை, 28 மாதம். 2021-ஐயும் 2022-இன் முதல் இரண்டு மாதங்களையும் சேர்த்தால் புள்ளிகள் கூடும். ஆனால் அவை கோவிட் அலைகளின் மாதங்கள். நோயாளிகள் வேறு, ஒரு சிஸ்டருக்கு எத்தனை நோயாளி என்பதும் வேறு. அவற்றிலிருந்து வரும் போக்கை நம்ப முடியாது.

2024 ஜூலையும் ஆகஸ்டும் மாறுகாலம். கிட் வந்து சேரவும் எல்லா ஷிஃப்டுக்கும் பயிற்சி முடியவும் இரண்டு மாதம் ஆனது. அந்த மாதங்களை வெட்டி எறியாமல், மாதிரியில் தனித்தனிக் குறிகள் கொடுத்து வைத்துக்கொள்வோம். அப்போது தொடர் அறுபடாது.

பின்காலம் 2024 செப்டம்பர் முதல் 2026 ஆகஸ்ட் வரை, 24 மாதம். வரும் மார்ச்சிலேயே அறிக்கை வேண்டும் என்று நிர்வாகம் கேட்டிருக்கிறது. ஆகஸ்ட் வரை பொறுக்கும்படி கேட்கிறோம். அப்போதுதான் இரண்டு முழு ஆண்டுகள் கையில் இருக்கும், பின்காலத்தில் ஒவ்வொரு பருவமும் சமமாக இரண்டு முறை விழும்.

எதை எண்ணுகிறோம்

முதன்மை அளவு, சென்ட்ரல் லைன் சார்ந்த ரத்தத் தொற்று. அமெரிக்க என்.ஹெச்.எஸ்.என் வரையறையைப் பின்பற்றுவோம்: லைன் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். தொற்று நாளில் லைன் இருக்க வேண்டும் அல்லது முந்தைய நாள்தான் எடுத்திருக்க வேண்டும். கிருமி உடலின் வேறு இடத்துத் தொற்றிலிருந்து வந்ததாக இருக்கக்கூடாது. தோலில் சாதாரணமாக இருக்கும் கிருமி என்றால் வெவ்வேறு முறை எடுத்த இரண்டு கல்ச்சரில் வளர்ந்திருக்க வேண்டும்.

எங்களுக்குக் கவலை தருவது வேறு இடத்துத் தொற்று என்ற அந்த நிபந்தனை. மாதாந்திர எண்ணிக்கை நோட்டீஸ் போர்டில் ஏறத் தொடங்கிய பிறகு, சந்தேகமான கேஸை “வயிற்றிலிருந்து வந்தது” என்று எழுதிவிடும் ஆசை யாருக்கும் வரும். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, மனித இயல்பு. ஆனால் அப்படி எழுதினால் தொற்று காகிதத்தில் மட்டும் குறையும். எனவே 54 மாதத்து பாசிட்டிவ் ரத்தக் கல்ச்சர் அனைத்தையும் லேப் பட்டியலிலிருந்தே எடுப்போம். ஐ.சி.யூவில் வேலை செய்யாத இரண்டு டாக்டர்கள், தேதியை மறைத்த கேஸ் ஷீட்டைப் பார்த்துத் தனித்தனியே முடிவு சொல்வார்கள். ஒத்துப்போகாத கேஸை மூன்றாமவர் தீர்ப்பார். வேலை அதிகம்தான். ஆனாலும் இந்தத் திட்டத்தில் எதையாவது குறைக்க வேண்டி வந்தால், கடைசியாகக் குறைக்க வேண்டியது இதுதான்.

பகுதி எண் லைன் நாள்கள். நள்ளிரவுக் கணக்கில் சென்ட்ரல் லைன் உள்ள நோயாளிகளின் எண்ணிக்கையை நர்சிங் ரிஜிஸ்டரிலிருந்து எடுக்கிறோம். ஒருவருக்கு இரண்டு லைன் இருந்தாலும் ஒரு நாள்தான். இங்கும் ஒரு பொறி இருக்கிறது. செக்லிஸ்ட் வந்த பிறகு ரிஜிஸ்டர் ஒழுங்காக எழுதப்பட்டால் லைன் நாள்கள் கூடும், தொற்று அப்படியே இருந்தாலும் வீதம் இறங்கும். காலாண்டுக்கு 10 நாள் வீதம் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து, கேஸ் ஷீட்டிலுள்ள லைன் குறிப்போடு ரிஜிஸ்டரை ஒப்பிடுவோம். முன்காலத்து விடுபடலுக்கும் பின்காலத்து விடுபடலுக்கும் 5 சதவீதப் புள்ளிக்கு மேல் வேறுபாடு இருந்தால், திருத்திய பகுதி எண்ணோடு மறுபடி ஓட்டி இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம்.

ஒப்பீட்டுத் தொடர்கள்

விதி எல்லா ஐ.சி.யூவிலும் ஒரே நாளில் வந்ததால் விதி இல்லாத ஐ.சி.யூ ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக, அதே ஐ.சி.யூக்களில் கேத்தீட்டர் சார்ந்த சிறுநீர்த் தொற்றின் வீதத்தை எடுத்துக்கொள்கிறோம். லைன் செக்லிஸ்ட் அதைத் தொட வேண்டிய காரணம் இல்லை. ஆள் பற்றாக்குறை, பொதுவான சுத்தம், நோயாளிகளின் தீவிரம் ஆகியவை இரண்டையும் தொடும். சிறுநீர்த் தொற்றும் அதே மாதத்தில் அதே அளவு இறங்கினால், காரணம் செக்லிஸ்ட் என்று சொல்லத் தயங்குவோம். (கை கழுவும் பழக்கம் செக்லிஸ்டால் எல்லா வேலைக்கும் பரவியிருக்கலாம் என்ற வாதம் வரும். வரட்டும். அதை அறிக்கையில் வாதமாகவே எழுதுவோம், முடிவாக எழுத மாட்டோம்.)

இரண்டாவது, 1,000 நோயாளி நாளுக்கு எத்தனை ரத்தக் கல்ச்சர் அனுப்பினார்கள் என்பது. அனுப்பாத கல்ச்சரில் தொற்று தெரியாது. 2023 நவம்பரில் தானியங்கிக் கல்ச்சர் மெஷின் வந்ததும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

மாதிரி

மூன்று ஐ.சி.யூவின் மாதக் கூட்டுத்தொகைக்கு குவாசி-பாய்சான் பின்னடைவு. ஆர் மென்பொருளில்:

```r
library(sandwich); library(lmtest)
m1 <- glm(clabsi ~ time + policy + time_after +
            factor(trans) + sin12 + cos12 +
            offset(log(line_days)),
          family = quasipoisson, data = d)
coeftest(m1, vcov = NeweyWest(m1, lag = 3, prewhite = FALSE))
```

`time` 1 முதல் 54 வரை. `policy` 2024 செப்டம்பரிலிருந்து 1, அதற்கு முன் 0. `time_after` செப்டம்பரில் 0-வில் தொடங்கி மாதம் ஒன்றாக ஏறும். `trans` ஜூலைக்கு 1, ஆகஸ்டுக்கு 2, மற்றவற்றுக்கு 0. பருவத்துக்கு ஒரே ஒரு சைன்-கோசைன் ஜோடி. 54 புள்ளியை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மாதக் குறிகள் போடுவது பேராசை.

அடுத்தடுத்த மாதங்கள் ஒன்றையொன்று இழுப்பதால் நியூவி-வெஸ்ட் பிழை. எச்சங்களின் தன்தொடர்பு வரைபடத்தையும் பார்ப்போம். 3 மாதத்துக்கு அப்பாலும் தொடர்பு தெரிந்தால் `lag` 6 ஆகும்.

முதன்மை முடிவு ஒரே ஒரு எண்: 2025 ஆகஸ்டில், அதாவது `time_after` 11-இல், மாதிரி காட்டும் வீதத்துக்கும் பழைய போக்கு நீண்டிருந்தால் வந்திருக்கும் வீதத்துக்கும் உள்ள விகிதம், 95% நம்பக இடைவெளியோடு. உடனடி மாற்றமும் சாய்வு மாற்றமும் தனியே அட்டவணையில் வரும், ஆனால் அவற்றில் எது சாதகமோ அதைத் தலைப்பாக்க மாட்டோம்.

எவ்வளவு தெரியும்

முன்காலத்தில் ஒவ்வொரு ஐ.சி.யூவிலும் மாதம் சுமார் 400 லைன் நாள், வீதம் 1,000-க்கு ஏறக்குறைய 7. அதாவது மூன்றும் சேர்ந்து மாதம் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே தொற்றுகள். இதை வைத்து, பருவக் குறிகளைச் சேர்க்காமல் கையால் போட்ட தோராயக் கணக்கு: விதி வீதத்தைப் பாதியாக்கியிருந்தால், மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது அதைக் கண்டுபிடிக்கும் திறன் 78%. சிதறல் பாய்சானைவிட ஒன்றரை மடங்கு இருந்தால் 61%. ஒரு ஐ.சி.யூவை மட்டும் எடுத்தால் 36%. விதி 30% மட்டுமே குறைத்திருந்தால், மூன்றும் சேர்ந்தாலும் 30%தான். தனித்தனி ஐ.சி.யூ முடிவு வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்காததற்குக் காரணம் இதுவே. ஐ.சி.யூ வாரியாகப் படம் மட்டும் போடுவோம். தொடங்குமுன் 2,000 முறை உருவகப்படுத்தி இந்த எண்களைச் சரிபார்ப்போம்.

மறுபரிசோதனைகள்

முக்கியமானது ஒன்று. 2024 ஏப்ரல், மே மாதங்களில் தொற்று எகிறியதால்தான் இந்த விதியே பிறந்தது. எகிறிய எண் தானாகவே இறங்கும். எனவே அந்த இரண்டு மாதங்களையும் தனிக் குறிகளால் ஒதுக்கிவிட்டு மறுபடி ஓட்டுவோம். முடிவு கணிசமாகக் கரைந்தால் அதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுவோம்.

மற்றவை: கல்ச்சர் மெஷினுக்கு 2023 நவம்பரில் ஒரு படி சேர்த்தல், எதிர்மறை ஈருறுப்பு மாதிரி, மாறுகாலத்தை நான்கு மாதமாக நீட்டல், விதி 2023 ஜூலையில் வந்தது போலப் பாவித்து முன்காலத் தரவில் மட்டும் ஓட்டிப் பார்த்தல். கடைசியானதில் பொய்யாக ஒரு மாற்றம் தெரிந்தால் மாதிரியையே சந்தேகிக்க வேண்டும்.

என்ன எழுதுவோம்

இடைவெளி முழுவதும் 1-க்குக் கீழே இருந்து, சிறுநீர்த் தொற்று அதே அளவு அசையாமல், கல்ச்சர் எண்ணிக்கையும் விழாமல் இருந்தால்: “விதியோடு சேர்ந்து தொற்று குறைந்தது, விதி காரணமாக இருப்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு.” இடைவெளி 1-ஐத் தாண்டினால் “பயனில்லை” என்று எழுத மாட்டோம், இடைவெளியின் இரு முனைகளையும் சொல்லி, அவற்றுக்கிடையே எதுவும் உண்மையாக இருக்கலாம் என்று எழுதுவோம். இறக்கம் தெரிந்தும் கல்ச்சர் அனுப்புவதும் குறைந்திருந்தால், கல்ச்சர் படம் முதலில் வரும், தொற்றுப் படம் அதற்குப் பின்.

எந்த முடிவு வந்தாலும் செக்லிஸ்டை நிறுத்தப் பரிந்துரைக்கும் நோக்கம் இந்தப் பகுப்பாய்வுக்கு இல்லை.

நாள்கள்

குழு இந்தப் பதிப்பை ஜனவரி 30-க்குள் ஒப்புக்கொண்டால், பிப்ரவரியில் கேஸ் ஷீட் சேகரிப்பு தொடங்கும். பின்காலத்தின் கடைசி மாதக் கல்ச்சர்களுக்குத் தீர்ப்பு வந்ததும் 2026 செப்டம்பர் 25-இல் தரவு பூட்டப்படும். அறிக்கை அக்டோபர் இறுதியில். இடையில் திட்டத்தில் எதை மாற்றினாலும் தேதியும் காரணமும் கடைசிப் பக்கத்தில் எழுதி, குழுச் செயலரிடம் கையெழுத்து வாங்குவோம்.