வாயிலில் அனுமதியின்றி நுழைய முயன்றது குறித்த அறிக்கை

பெறுநர்: செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம், குன்னூர்
நாள்: 18.01.2025

ஐயா,

நேற்று இரவு 11.40 மணியளவில், பனிமூட்டத்தில் முகப்பு விளக்கை அணைத்தபடி வந்து நின்ற வெள்ளைக் காரிலிருந்து இறங்கிய இருவர், பி பிளாக் 204-ஆம் வீட்டாரின் உறவினர் என்று கூறி கேட்டைத் திறக்கச் சொன்னார்கள். இண்டர்காமில் கேட்டபோது, யாரையும் எதிர்பார்க்கவில்லை என்று அவ்வீட்டு அம்மா தெரிவித்தார். பதிவேட்டில் பெயரெழுத மறுத்த அவர்களில் ஒருவர், சிறு கேட்டின் கம்பிகளுக்கிடையே கைவிட்டுத் தாழ்ப்பாளை நீக்க முயன்றார். பூட்டு போட்டிருந்ததால் முடியவில்லை. நான் விசில் ஊதியதும் மேட்டுப்பாளையம் சாலைப் பக்கம் சென்றுவிட்டார்கள். வண்டியின் எண் பலகையில் சேறு அப்பியிருந்தது. மழையே இல்லாத இவ்வாரத்தில் அது வேண்டுமென்றே பூசியதாகத்தான் தோன்றுகிறது. சிறு கேட்டருகே விளக்கு இல்லாததால் கேமராவில் முகம் பதிவாகவில்லை. அங்கு விளக்கு பொருத்தவும், காவல் நிலையத்தில் தகவல் தரவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இரவுப் பணிக் காவலர், முதன்மை வாயில்