ரத்த வாயு வினாத்தாள்: அமில கார சமநிலை, ஏழு நோயாளிகள்

இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். வார்டுத் தேர்வு. நேரம் 45 நிமிடம், மதிப்பெண் 35. கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு கேள்விக்கும் 5 மதிப்பெண். கோளாறின் பெயருக்கு 2, ஈடுசெய்தலைக் கணக்கிட்டுக் காட்டியதற்கு 2, அடுத்து செய்யவேண்டியதற்கு 1. கணக்கு இல்லாமல் பெயரை மட்டும் எழுதினால் 2க்கு மேல் கிடையாது.

PaCO2 மி.மீ. பாதரசத்தில், மின்பகுளிகள் லிட்டருக்கு மில்லி ஈக்விவலண்டில், ஆல்புமின் டெசிலிட்டருக்குக் கிராமில். இயல்பு அளவுகள்: pH 7.35–7.45, PaCO2 35–45, HCO3 22–26, ஆனயான் இடைவெளி 12, ஆல்புமின் 4. மாதிரிகள் எல்லாம் தமனி ரத்தம். இந்த இரண்டு சமன்பாடுகளும் கொடுக்கப்படுகின்றன, மற்றவை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கவேண்டும்:

```
H+ = 24 × PaCO2 / HCO3
AG = Na − (Cl + HCO3)
```

கேள்விகள்

1. இரவுப் பணியில் இருப்பவர் தொலைபேசியில் அறிக்கையை வாசிக்கிறார். நோயாளியைப் பற்றி வேறு விவரம் இல்லை. என்ன பதில் சொல்வீர்கள்?

```
pH 7.25   PaCO2 40   HCO3 24
```

2. 19 வயது இளைஞர். இரண்டு நாளாக வாந்தி, வயிற்றுவலி, ஆழமான வேக மூச்சு. ரத்தச் சர்க்கரை 486 மி.கி.

```
pH 7.12   PaCO2 19   HCO3 6
Na 132    Cl 98      K 5.4
```

3. 64 வயது, நீண்டகாலப் புகைப்பழக்கம், சிஓபிடி. முதல் அறிக்கை இரண்டு மாதத்துக்கு முன் வெளிநோயாளர் பிரிவில் எடுத்தது. இரண்டாவது இன்று, சளியும் மூச்சிரைப்பும் கூடி, முகமூடி வழியே நிமிடத்துக்கு 10 லிட்டர் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்தது. நோயாளி அரைத்தூக்கத்தில் இருக்கிறார்.

```
முன்பு   pH 7.35   PaCO2 60   HCO3 32
இன்று    pH 7.22   PaCO2 80   HCO3 32
```

4. 50 வயது, இரைப்பையின் வெளிவாயில் அடைப்பு, ஒரு வாரமாக வாந்தி. சிறுநீர் குளோரைடு 8.

```
pH 7.52   PaCO2 48   HCO3 38
Na 136    Cl 84      K 2.7
```

5. 47 வயது, ஈரல் சுருக்க நோய், காய்ச்சல், ரத்த அழுத்தம் 84/50. ஆல்புமின் 1.6.

```
pH 7.30   PaCO2 29   HCO3 14
Na 133    Cl 107
```

6. 56 வயது, நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு. டயாலிசிஸுக்கு இரண்டு முறை வரவில்லை, மூன்று நாளாக வாந்தி.

```
pH 7.40   PaCO2 40   HCO3 24
Na 142    Cl 92
```

7. 58 வயது. இருமல் மருந்து என்று நினைத்து, மூட்டுவலிக்குத் தேய்க்கும் வின்டர்கிரீன் தைலத்தைக் குடித்துவிட்டார். காதில் இரைச்சல், வியர்வை, வேகமூச்சு.

```
pH 7.44   PaCO2 18   HCO3 12
Na 139    Cl 104
```

விடைகளும் விளக்கமும்

1. இந்த அறிக்கையைப் படிக்கக்கூடாது, திருப்பிக் கேட்கவேண்டும். கொடுத்த PaCO2, HCO3 இரண்டையும் சமன்பாட்டில் போட்டால் H+ 40 வருகிறது. அதற்கு உரிய pH 7.40. ஆனால் 7.25க்கு H+ ஏறத்தாழ 56 இருக்கவேண்டும். மூன்று எண்களும் ஒரே மாதிரியிலிருந்து வந்திருக்க வழியில்லை. வாசித்ததிலோ எழுதியதிலோ ஓர் எண் தவறு. (மனக்கணக்குக்கு ஒரு சுருக்குவழி: pH-ன் கடைசி இரு இலக்கத்தை 80லிருந்து கழித்தால் H+ கிட்டத்தட்ட வந்துவிடும். 80 − 25 = 55. இது 7.20 முதல் 7.50 வரைதான் நம்பத்தக்கது.)

அச்சுத்தாளை நேரில் பார்ப்பது முதல் வேலை. அதைப் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால் மாதிரியை மறுபடி எடுக்கவேண்டும். கருவியே HCO3-ஐக் கணக்கிட்டுத் தருவதால் அச்சுத்தாளில் மூன்றும் எப்போதும் பொருந்தும். அதற்காக மாதிரி சரியானது என்று ஆகிவிடாது. சிரிஞ்சில் திரவ ஹெபாரின் மிச்சமிருந்தால் PaCO2-ம் பைகார்பும் பொய்யாகக் குறையும். காற்றுக்குமிழி இருந்தால் PaCO2 குறையும், ஆக்சிஜன் அளவு அறைக்காற்றின் பக்கம் நகரும். மாதிரி மேசையில் கிடந்துவிட்டால் ரத்த அணுக்கள் ஆக்சிஜனைத் தின்று pH-ஐ இறக்கிவிடும். குமிழியை உடனே வெளியேற்றி, மூடி போட்டு, அரைமணிக்குள் கருவியில் வைக்கவேண்டும்.

2. ஆனயான் இடைவெளி கூடிய மெட்டபாலிக் அசிடோசிஸ், மூச்சு தக்கபடி ஈடுசெய்துள்ளது. நீரிழிவுக் கீட்டோஅசிடோசிஸ்.

```
AG = 132 − (98 + 6) = 28
எதிர்பார்க்கும் PaCO2 = 1.5 × 6 + 8 = 17 ± 2
```

கண்டது 19, வரம்புக்குள்தான், ஆனால் மேல்விளிம்பில். இதே நோயாளிக்கு ஒரு மணி கழித்து PaCO2 28 வந்தால் "இயல்பை நோக்கி வருகிறது" என்று மகிழவேண்டாம். பைகார்ப் 6 இருக்கும்வரை 28 என்றால் அவர் மூச்சுவிட்டுக் களைத்துப்போகிறார் என்று பொருள்.

இடைவெளி 16 கூடியிருக்கிறது, பைகார்ப் 18 குறைந்திருக்கிறது. விகிதம் 0.9. கீட்டோன்கள் ஓரளவு சிறுநீரில் போய்விடுவதால் இந்நோயில் விகிதம் ஒன்றை ஒட்டியே இருக்கும். இரண்டாவது கோளாறைத் தேடத் தேவையில்லை.

சர்க்கரைக்காகத் திருத்திய சோடியத்தை இடைவெளிக் கணக்கில் போடுவது அடிக்கடி நிகழும் தவறு. அளந்த சோடியத்தைத்தான் போடவேண்டும், ஏனெனில் அதே நீர்தான் குளோரைடையும் பைகார்பையும் நீர்க்கவைத்திருக்கிறது. அடுத்த செயல்: உப்புக்கரைசல், பிறகு இன்சுலின். பொட்டாசியம் 5.4 என்பது ஏமாற்று எண். உடம்பு முழுதிலும் பற்றாக்குறைதான், இன்சுலின் ஏறியதும் சரசரவென்று இறங்கும்.

3. முன்பு: நாள்பட்ட ரெஸ்பிரேட்டரி அசிடோசிஸ். இன்று: நாள்பட்டதன் மேல் புதிதாக ஏறிய ஒன்று.

PaCO2 ஒவ்வொரு 10 கூடும்போதும் பைகார்ப் உடனடி நிலையில் 1, நாள்பட்ட நிலையில் ஏறக்குறைய 4 கூடும். முன்பு 20 கூடியிருந்தது, 24 + 8 = 32. அச்சொட்டாகப் பொருந்துகிறது. இன்றையதுதான் சிக்கல்:

```
முழுதும் நாள்பட்டது என்றால்   24 + 16 = 40
முழுதும் உடனடி என்றால்        24 + 4  = 28
கண்டது                        32
```

பழைய அறிக்கை இல்லாமல் இந்த 32-ஐ மூன்று விதமாகப் படிக்கலாம்: நாள்பட்டதுடன் மெட்டபாலிக் அசிடோசிஸ், உடனடியுடன் மெட்டபாலிக் ஆல்கலோசிஸ், அல்லது நாள்பட்டதன் மேல் உடனடி. எண்கள் தாமாகத் தீர்ப்புச் சொல்லாது. பழைய 60/32 கையில் இருப்பதால்தான் மூன்றாவது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. பழைய சீட்டைத் தேடிப் பார்ப்பதும் நோயறிதலின் பகுதிதான், அதற்காகவே இந்தக் கேள்வி.

"ஆக்சிஜன் கொடுத்தால் மூச்சுத் தூண்டுதல் நின்றுவிடும்" என்று மட்டும் எழுதியவர்களுக்கு அரை மதிப்பெண். காற்று சரியாகப் போகாத நுரையீரல் பகுதிகளுக்கு ரத்த ஓட்டம் மீண்டும் திறந்துவிடுவதும், ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் கார்பன் டைஆக்சைடை உதறுவதும் பெரும் காரணங்கள். ஆக்சிஜனை நிறுத்தக்கூடாது. செறிவு 88–92 சதவீதத்தில் நிற்கும்படி குறைத்து, முகமூடி வழிச் செயற்கை சுவாசம் தொடங்கவேண்டும்.

4. மெட்டபாலிக் ஆல்கலோசிஸ், ஈடு சரி. எதிர்பார்க்கும் PaCO2 = 40 + 0.7 × 14, ஏறத்தாழ 50. கண்டது 48. சிறுநீர் குளோரைடு 20க்குக் கீழே இருப்பதால் உப்புக்கரைசலுக்குக் கேட்கும் வகை. நார்மல் சலைனும் பொட்டாசியம் குளோரைடும் போதும். குளோரைடு கொடுக்காதவரை சிறுநீரகத்தால் பைகார்பை வெளியேற்ற முடியாது.

5. ஆனயான் இடைவெளி கூடிய மெட்டபாலிக் அசிடோசிஸ். "இடைவெளி 12, இயல்பு, குளோரைடு கூடிய வகை" என்பதுதான் எல்லோரும் விழும் குழி. இடைவெளியின் பெரும்பங்கு ஆல்புமின்தான். அது 1 கிராம் குறைந்தால் இயல்பு இடைவெளியே 2.5 குறைந்துவிடும்.

```
AG = 133 − (107 + 14) = 12
திருத்திய AG = 12 + 2.5 × (4 − 1.6) = 18
```

ஈடு சரி: 1.5 × 14 + 8 = 29. இடைவெளி 6தான் கூடியது, பைகார்ப் 10 குறைந்தது. ஆகவே இடைவெளி கூடாத அசிடோசிஸும் கூடவே இருக்கிறது. இதையும் எழுதியவர்களுக்கே முழு மதிப்பெண். அடுத்து லாக்டேட் அளவு, ரத்தக் கல்ச்சர், தாமதமில்லாமல் ஆன்டிபயாட்டிக்.

6. "இயல்பான அறிக்கை" என்று எழுதியிருந்தால் பூஜ்யம். கடுமையாகத் தோன்றினாலும், இப்படிப்பட்டவரை வீட்டுக்கு அனுப்பிவிடும் அபாயம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

```
AG = 142 − (92 + 24) = 26,  கூடியது 14
அசிடோசிஸ் இல்லாதிருந்தால் HCO3 = 24 + 14 = 38
```

யூரீமியாவால் சேர்ந்த அமிலம் பைகார்பை இறக்கியது, வாந்தி அதை ஏற்றியது, இரண்டும் 24இல் சந்தித்துக்கொண்டன. இடைவெளி கூடிய மெட்டபாலிக் அசிடோசிஸும் மெட்டபாலிக் ஆல்கலோசிஸும் சேர்ந்தே உள்ளன. இடைவெளி மறைந்துகொள்ளாது. அதனால் pH எப்படி இருந்தாலும் அதைக் கணக்கிடுங்கள். வாந்தியை மட்டும் நிறுத்தினால் அசிடோசிஸ் முழு உருவில் வெளிவரும். பொட்டாசியத்தைப் பார்த்து டயாலிசிஸுக்கு ஏற்பாடு செய்யவேண்டும்.

7. இடைவெளி கூடிய மெட்டபாலிக் அசிடோசிஸும் ரெஸ்பிரேட்டரி ஆல்கலோசிஸும். சாலிசிலேட் நஞ்சு. தைலத்தில் இருப்பது மெத்தில் சாலிசிலேட், ஒரு தேக்கரண்டியே ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம்.

AG 23. பைகார்ப் 12க்கு எதிர்பார்க்கும் PaCO2 26 ± 2, கண்டது 18. ஈடுசெய்தலைத் தாண்டிய மூச்சு இது: சாலிசிலேட் மூளையின் சுவாச மையத்தை நேரடியாகத் தூண்டுகிறது. இன்னொரு வழியிலும் பிடிக்கலாம். ஈடுசெய்தல் மட்டுமே pH-ஐ 7.40-ஐத் தாண்டிக் கொண்டுபோகாது. பைகார்ப் 12 இருந்தும் pH 7.44 என்றால் இரண்டாவது கோளாறு இருந்தே தீரும்.

சோடியம் பைகார்பனேட் சொட்டு ஏற்றிச் சிறுநீர் pH-ஐ 7.5–8க்குக் கொண்டுவரவேண்டும். பொட்டாசியம் குறைவாக இருந்தால் சிறுநீர் காரமாகாது, ஆகவே அதையும் நிரப்பவேண்டும். சாலிசிலேட் அளவு மிகக் கூடினாலோ, மயக்கம், நுரையீரல் நீர்க்கோர்ப்பு வந்தாலோ டயாலிசிஸ். "மூச்சு வேகம், களைத்துவிடுவார், டியூப் போடலாம்" என்று எழுதியவர்கள் கவனிக்க: தூக்கமருந்து கொடுத்து இயல்பான வேகத்தில் வென்டிலேட்டரை ஓட்டினால் PaCO2 ஏறும், pH விழும், சாலிசிலேட் மூளைக்குள் புகும். தவிர்க்கவே முடியாமல் டியூப் போட்டால், அவர் தாமாக விட்டுக்கொண்டிருந்த மூச்சின் அளவையே கருவியிலும் வைக்கவேண்டும்.