‘மரங்கொத்தியின் புது வீடு’: படக்கதைப் பிரதி குறித்த கருத்துகள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். 3 முதல் 6 வயதுக்கான படக்கதை என்று நீங்கள் அனுப்பிய பிரதியை மனதுக்குள் ஒருமுறையும் வாய்விட்டு ஒருமுறையும் படித்தேன். அப்புறம் ஓவியருக்குப் போகும் முறையில் பக்கம் பிரித்தும் பார்த்தேன். விடியாத இருட்டில் சத்தம் கேட்டு எழுந்த அணில் குட்டி சின்னு, அது எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுப் போகிறது. குழந்தை மடியில் உட்கார்ந்து கேட்க இது அருமையான கதை. பிரதியைப் பெரிதாக மாற்றச் சொல்லப் போவதில்லை. ஆனால் உங்கள் வாக்கியங்கள் பல இடங்களில் பக்கம் புரளும் முன்பே ரகசியத்தை உடைத்துவிடுகின்றன. நான் சொல்வதில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

முதலில் தலைப்பு. சத்தம் போட்டது யார் என்பதுதான் கதை முழுக்க இழுத்துப் பிடிக்கும் கேள்வி. அட்டையிலேயே ‘மரங்கொத்தி’ என்று போட்டுவிட்டால் குழந்தைக்குத் தேட என்ன இருக்கிறது? ‘சின்னு கேட்ட சத்தம்’ போல ஏதாவது வைக்கலாம். அட்டைப் படத்திலும் பறவை வேண்டாம், அணிலின் விடைத்த காது போதும். ஓவியருக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது பக்கக் கணக்கு. புத்தகம் 32 பக்கம், அதாவது 16 பக்க ஃபாரம் இரண்டு. 1-ஆம் பக்கம் தலைப்பு, 2, 3-இல் பதிப்பு விவரமும் சமர்ப்பணமும். கதை 4-இல் தொடங்கி 31-இல் முடிகிறது, ஆக 14 இரட்டைப் பக்கங்கள். 32 தனியாக நிற்கும். ஒற்றைப்படை எண் எப்போதும் வலது பக்கம். கேள்வி அங்கே அடியில் நின்றால் பதில் அடுத்த இடது பக்கத்தில் காத்திருக்கும். கேள்வியும் பதிலும் ஒரே விரிப்பில் எதிரெதிரே வந்தால், நீங்கள் கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே குழந்தையின் விரல் பதில் படத்தின் மேல் இருக்கும்.

உங்கள் 12, 13-இல் அதுதான் நடக்கிறது: “சின்னு தலையை உயர்த்திப் பார்த்தபோது, கிளையில் ஓர் ஆந்தை தன் பெரிய உருண்டைக் கண்களை விழித்தபடி அமர்ந்திருப்பதைக் கண்டது.” ஆந்தை என்று தெரிந்த பிறகுதான் கண் வருகிறது. திருப்பிப் போட்டுப் பாருங்கள். 13-இன் அடியில்:

சின்னு மேலே பார்த்தது.
ரெண்டு கண்.
பெரிய கண்.
உருண்டைக் கண்.
யாருடைய கண்?

புரட்டினால் 14-இல் ஒரே சொல்: “ஆந்தையக்கா!”

தமிழில் இது நமக்குக் கிடைத்திருக்கிற வசதி. அடையெல்லாம் முன்னால் வரும், பெயர் பின்னால் வரும். வினை கடைசியில் உட்காரும். “கிளைக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்தது…” என்று பக்கத்தை முடித்துவிட்டு யார் என்பதை மறுபக்கத்துக்குத் தள்ளினாலும் வாக்கியம் உடைந்ததாகத் தோன்றாது, காத்திருக்கும். நீங்கள் பெயரை முதலில் வைத்து எழுதப் பழகியிருக்கிறீர்கள். கட்டுரைக்கு அது சரி, இங்கே வேண்டாம்.

25-ஆம் பக்கத்தை அவசியம் மாற்ற வேண்டும். “அது மரங்கொத்திதான் என்பது பாவம் சின்னுவுக்குத் தெரியவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். கதையின் உச்சத்துக்கு ஒரே ஒரு புரட்டல் பாக்கியிருக்கும்போது கதைசொல்லியே உடைத்துவிடுகிறார். அந்த வரியை முழுதாக எடுத்துவிட்டு சத்தத்தை மட்டும் விடுங்கள்: “டொக் டொக் டொக் டொக் டொக் டொக்…” 26, 27 முழுக்கப் படமாக இருக்கட்டும். மரங்கொத்தி, பறக்கும் மரச்செதில்கள், வாய் பிளந்து நிற்கும் சின்னு. அங்கே எழுத்தே வேண்டாம் என்பது என் கருத்து. குழந்தையே பெயரைச் சொல்லிக் கத்தட்டும்.

எல்லாப் புரட்டலும் கேள்வியாக இருந்தாலும் அலுத்துவிடும். தவளையிடமிருந்து மரத்தின் உச்சிக்கு ஏறும் 22, 23-இல் கேள்வியே வேண்டாம். “சின்னு ஏறியது. ஏறியது. ஏறியது.” அவ்வளவுதான். ஒரு விரிப்பு மூச்சு வாங்கினால் அடுத்தது எடுபடும்.

இனி ஓசை. நீங்கள் தொடங்கியிருக்கிற விதம்:

“அடர்ந்த வனத்தின் மத்தியில் அமைந்திருந்த மிகப் பெரிய மரத்தின் பொந்தில் உறங்கிக்கொண்டிருந்த சின்னு என்ற அணில் குட்டி, திடீரென்று கேட்ட சத்தத்தால் பீதியடைந்து விழித்துக்கொண்டது.”

வாய்விட்டுப் படித்தால் பாதியில் மூச்சு முட்டுகிறது. காடு, மரம், பொந்து, தூக்கம், சத்தம், பயம், விழிப்பு எல்லாம் ஒரே வாக்கியத்தில். கேட்கிற குழந்தைக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ள நேரமில்லை. என் யோசனை:

காட்டிலே ஒரு மரம்.
மரத்திலே ஒரு பொந்து.
பொந்திலே ஒரு குட்டி.
குட்டி பேரு சின்னு.

ஒரு வரியின் முடிவை அடுத்த வரி எடுத்துக்கொள்ளும் அந்தாதி நடை நம் காதுக்குப் பழகியது. இரண்டாம் தடவை படிக்கும்போது குழந்தை அடுத்த வரியைத் தானே எடுத்துக்கொடுக்கும். இதே சொற்கள்தான் வேண்டும் என்றில்லை, இந்த நடை வேண்டும்.

14-இல் உங்கள் வரி அழகாக இருக்கிறது: “ஆந்தையக்கா ஆந்தையக்கா, அந்தச் சத்தம் கேட்டாயா?” மோனை தானாக விழுந்திருக்கிறது, தாளமும் இருக்கிறது. ஆனால் 18-க்குப் போனால், “வௌவால் அண்ணா, இந்த ஓசை எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியுமா?” ஏன் கைவிட்டீர்கள்? “வௌவாலண்ணா வௌவாலண்ணா, அந்தச் சத்தம் கேட்டாயா?” என்றே வரட்டும். 20-இல் தவளைக்கும் அதே. மாற்றி மாற்றி எழுதுவது பெரியவர்களுக்கு அழகு. குழந்தைக்கு ஒரே வரி திரும்ப வருவதுதான் கொண்டாட்டம், ஏனென்றால் அதைச் சேர்ந்து சொல்லலாம்.

சத்தமும் அப்படியே. 6-இல் ‘டொக் டொக்’, 10-இல் ‘டக் டக்’, 17-இல் ‘தட் தட்’. ஒரே பறவை, ஒரே மரம். ‘டொக்’ ஒன்றையே வைத்துக்கொண்டு, சின்னு பக்கத்தில் போகப் போக எண்ணிக்கையை மட்டும் கூட்டுங்கள். ஆந்தையிடம் இரண்டு, வௌவாலிடம் நான்கு, உச்சியில் ஆறு. படிப்பவரின் குரல் தானாக ஏறும்.

24-இல் “வழுவழு இலையில் வழுக்கி விழுந்தெழுந்து” என்று ழகரத்தை அடுக்கியிருக்கிறீர்கள். எழுத்தில் இனிக்கிறது. ஆனால் தூக்கக் கலக்கத்தில் படிக்கும் அப்பாவோ பாட்டியோ தடுமாறுவார்கள். ‘வழுக்கி விழுந்தது’ மட்டும் போதும். பிரதியை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, முன்தயாரிப்பு இல்லாமல் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நீங்களே படித்தால் எந்த இடத்தில் இழுக்க வேண்டும் என்று நாக்குக்கு முன்பே தெரியும், குறை மறைந்துவிடும். அவர் தடுக்குகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டால் போதும்.

வயதுக்கேற்ற சொற்களைப் பொறுத்தவரை, ‘வனம்’, ‘பீதியடைந்து’, ‘மத்தியில்’, ‘பரிதவித்தது’, ‘ஆச்சரியத்தில் மூழ்கியது’ ஆகியவை போகட்டும். காடு, பயந்து, நடுவில் போன்றவை வரட்டும். கடைசி இரண்டையும் படமே சொல்லிவிடும். ஆனால் கடினமான சொல் எல்லாவற்றையும் நீக்குங்கள் என்று சொல்ல மாட்டேன். ‘பொந்து’ பல குழந்தைகளுக்குப் புதிது, இருந்தாலும் கட்டாயம் இருக்க வேண்டும். படத்தில் அது தெரிகிறது, திரும்பத் திரும்ப வருகிறது, புத்தகம் முடியும்போது அந்தச் சொல் குழந்தையுடையதாகிவிடும். ‘செதில்’, ‘அலகு’ இரண்டும் அப்படித்தான். படம் தாங்கும் சொல் இருக்கலாம், படம் தாங்காத சொல் போகலாம்.

‘விழித்துக்கொண்டிருந்தது’ போன்ற நீளமான வினைகளும் குறைய வேண்டும். படிப்பவர்கள் எப்படியும் தங்கள் வீட்டுப் பேச்சுக்கு மாற்றித்தான் படிப்பார்கள். ‘பார்த்தது’ சட்டென்று ‘பார்த்துச்சு’ ஆகும். நீளமானது மாறும்போது தாளம் கெடும். 11-இல் ‘ஓடுச்சு’ என்றும் 12-இல் ‘ஓடியது’ என்றும் இருக்கிறது. கதைசொல்லிக்கு எளிய எழுத்து நடையை வைத்துக்கொள்வோம், பேச்சு வாடை உரையாடலில் இருக்கட்டும்.

9-இல் “பேயாக இருக்குமோ? நாம் செத்துப்போவோமோ?” என்ற வரியை எடுத்துவிடுங்கள். இது தூங்கும் முன் படிக்கப்படும் புத்தகம். சின்னுவின் பயம் வேண்டும், அதை வாலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வதில் காட்டலாம். அம்மா பக்கத்திலேயே தூங்குவது படத்தில் தெரியட்டும், இல்லாவிட்டால் கேட்கிற குழந்தை அம்மா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கும். 20-இல் ‘நொண்டித் தவளை’ என்ற அடைமொழி கதைக்கு எந்த வகையிலும் உதவவில்லை. அதைக் கேட்டு மனம் சுருங்கும் குழந்தையும் இருக்கும். ‘பச்சைத் தவளை’ போதும்.

கதை நள்ளிரவில் நடப்பதாக 4-இல் இருக்கிறது. மரங்கொத்தி பகலில் இயங்கும் பறவை, இரவில் பொந்தில் தூங்கிவிடும். கதையை விடியும் நேரத்துக்கு நகர்த்துங்கள். அது கதைக்கும் நல்லது. ஆந்தையும் வௌவாலும் தூங்கப் போகும் அவசரத்தில் பதில் சொல்லும், பின்னணி வானம் விரிப்புக்கு விரிப்பு வெளுத்துக்கொண்டே வரும்.

தட்டச்சில் ஒன்று. பிரதி முழுக்க ‘வௌ’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியும் ளகரமும் விழுந்திருக்கின்றன. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், எழுத்துக்கூட்டும் குழந்தை ‘வெ-ள-வா-ல்’ என்று படிக்கும். ‘வவ்வால்’ என்றும் எழுதுவதுண்டு. இந்த வயதுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம்.

முடிவுக்கு வருகிறேன். 30, 31-இல் அம்மா அணில், “எதையும் கண்டு பயப்படக் கூடாது, விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்” என்று 6 வரி பேசுகிறது. சின்னு அதைத்தான் புத்தகம் முழுக்கச் செய்தது, குழந்தையும் கூடவே வந்தது. அந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லலாம். மரங்கொத்தி கொத்தி விட்டுப்போன பொந்துகளில் அணில்களும் வேறு பறவைகளும் குடியேறுவதுண்டு. 31-இல் அம்மா, “நம்ம பொந்தை யார் கொத்தினாங்க தெரியுமா?” என்று கேட்கட்டும். 32-இல் பொந்தின் விளிம்பைத் தொட்டுப் பார்க்கும் சின்னுவும், “டொக் டொக்!” என்ற சொல்லும் மட்டும்.

பிரதியில் இப்போது 612 சொற்கள். 350-க்குள் வந்துவிடும் என்று நினைக்கிறேன். திருத்தியதைக் கோப்பாக மட்டும் அனுப்பாமல், 8 தாள்களை மடித்துச் சிறு டம்மி ஒன்று செய்து, வரிகளை அந்தந்தப் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். படம் தேவையில்லை. அது கைக்கு வந்ததும் ஓவியரோடு மூவருமாக உட்காருவோம். 26, 27-இல் எழுத்தே வேண்டாம் என்ற யோசனையில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் அதற்கு முன்பே எழுதுங்கள், ஓவியர் முதலில் வரையப்போவது அந்த விரிப்பைத்தான்.

அன்புடன்,
சிறுவர் நூல் பிரிவு ஆசிரியர்