சாய்தளக் கணக்கு: விடையைத் திரும்பப் பார்த்ததில்

தம்பி, உன் நோட்டைப் பார்த்தேன். 4 கிலோ கட்டை, 30° சாய்தளம், ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.7, இயக்க உராய்வுக் குணகம் 0.5, g = 10. கட்டை சும்மா நிற்கும்போது உராய்வு எவ்வளவு, 60 N கிடைமட்டமாகத் தள்ளினால் முடுக்கம் எவ்வளவு என்பதே கேள்வி. படம் சரி. ஆனால் இரண்டு விடையும் தேறவில்லை. ஏன் என்று நீயே பார்க்கும்படி எழுதுகிறேன்.

முதல் பகுதியில் கட்டை சும்மா நிற்கிறது. எடை 40 N. சரிவின் வழியே கீழே இழுப்பது 40 sin 30° = 20 N. தளத்தை அழுத்துவது 40 cos 30° = 34.64 N. நீ உராய்வை 0.7 × 34.64 = 24.25 N என்று எழுதிவிட்டாய். கீழே 20, மேலே 24.25. அப்படியானால் யாரும் தொடாமலே கட்டை மேலே ஏற வேண்டும்! 24.25 என்பது உராய்வு எட்டக்கூடிய உச்சம்தான். தேவைப்படுவது 20 N, அதனால் வருவதும் 20 N.

அப்புறம் 60 N கிடைமட்டமாகத் தள்ளும் பகுதி. இதில் எனக்கே ஒரு காலத்தில் தடுக்கும். சரிவின் வழியே மேலே 60 cos 30° = 51.96 N என்று சரியாகப் பிரித்தாய். ஆனால் தளம் கட்டையைத் திருப்பித் தள்ளும் செங்குத்து விசை N-ஐ பழைய 34.64-ஆகவே விட்டுவிட்டு, கட்டை 3.66 m/s² முடுக்கத்தில் ஏறும் என்றாய். சரிவுக்குச் செங்குத்தாக ஒரு கூட்டல் போட்டுப் பார். தளத்தை நோக்கி எடையின் 34.64, தள்ளுவிசையின் 60 sin 30° = 30, ஆக 64.64 N. தளம் திருப்பித் தருவது வெறும் 34.64 என்றால் மீதி 30 N கட்டையைப் பலகைக்குள் புதைக்கும். அது நடக்காது, அதனால் N = 64.64 N.

இப்போது உராய்வின் உச்சம் 0.7 × 64.64 = 45.25 N. கட்டையை நிறுத்தத் தேவை 51.96 − 20 = 31.96 N, சரிவில் கீழ்நோக்கி. அது உச்சத்துக்குள் அடங்குகிறது. ஆகவே கட்டை அசையாது, முடுக்கம் 0. இயக்க உராய்வுக் குணகம் 0.5 இங்கே தேவையே இல்லை. கேள்வியில் கொடுத்திருந்தால் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று இல்லை.

நம்பிக்கை வரவில்லையா? அச்சை மாற்றிப் பார். உராய்வை f என்று வைத்து, முதல் வரி மேல்நோக்கிய திசையில், இரண்டாவது கிடைமட்டத் திசையில்:

```
N cos 30° − f sin 30° = 55.98 − 15.98 = 40.00 N
N sin 30° + f cos 30° = 32.32 + 27.68 = 60.00 N
```

முதல் வரி எடையோடு பொருந்துகிறது, இரண்டாவது நீ தள்ளிய கிடைமட்ட விசையோடு. சாய்வு அச்சில் கிடைத்த N, f மதிப்புகளை வேறு அச்சில் வைத்துச் சரிபார்க்கிறோம், அதனால்தான் இந்தச் சோதனை எனக்குப் பிடிக்கும்.

தள்ளுவிசையை 100 N ஆக்கி, கட்டை நகருமா என்று திங்கட்கிழமைக்குள் போட்டுக் கொண்டு வா. N-ஐ முதலில் எழுது.