போசணையியல், வினா 4: கொழுப்புகளும் கொலஸ்திரோலும்

வினா: கிளிநொச்சி மாவட்டக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 54 வயது விவசாயியின் இரத்தத்தில், கெட்ட கொலஸ்திரோல் எனப்படும் எல்.டி.எல். அளவு டெசிலீற்றருக்கு 168 மி.கி. "முட்டையை விட்டு ஆறு மாதம். தேங்காய் எண்ணெய்ப் போத்தலிலும் கொலஸ்திரோல் இல்லை எண்டுதான் போட்டிருக்கு. பிறகேன் கூடினது?" என்று கேட்கிறார். கொழுப்பு வகைகளை ஒப்பிட்டு விளக்குக. (10 புள்ளிகள்)

விடை:

ஐயா போத்தலில் வாசித்தது சரிதான். கொலஸ்திரோல் முட்டை, இறைச்சி, இறால், பால் போன்ற விலங்குணவில்தான் கணிசமாக உண்டு. ஆனால் இரத்தத்தில் உள்ள கொலஸ்திரோலின் பெரும்பகுதியை நம் உடலே, முக்கியமாக ஈரல், தயாரிக்கிறது. ஆகவே பெரும்பாலானோரில் எல்.டி.எல். அளவை, உண்ணும் கொலஸ்திரோலைவிட உண்ணும் கொழுப்பின் வகையே அதிகம் மாற்றுகிறது.

நிரம்பிய கொழுப்பமிலத்தின் காபன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை. நேரான சங்கிலிகள் விறகு அடுக்கியதுபோல நெருங்கி நிற்பதால் எளிதில் உறையும். மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக இறுகிக் கிடப்பது இதனால்தான். அதன் கொழுப்பமிலங்களில் 80 வீதத்துக்கும் மேல் நிரம்பியவை. நெய், பட்டர், கொழுத்த இறைச்சியிலும் இவ்வகை அதிகம். இது மிகும்போது எல்.டி.எல்.ஐ இரத்தத்திலிருந்து பிடித்தெடுக்கும் ஈரலின் வாங்கிகள் குறைகின்றன. தங்கிய எல்.டி.எல். நாடிச் சுவருக்குள் புகுந்து படிவாகிறது. இதயத்தசைக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடியில் அப்படிவு வெடித்து இரத்தம் உறைந்தால் மாரடைப்பு.

நிரம்பாதவற்றில் இரட்டைப் பிணைப்புள்ள இடத்தில் சங்கிலி வளையும், அதனால் எண்ணெய் திரவமாகவே இருக்கும். நல்லெண்ணெய், கச்சான், சூடை மீன் இதற்கு உதாரணம். நிரம்பிய கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைச் சேர்த்தால் எல்.டி.எல். குறையும். அந்த இடத்தைச் சீனியும் வெள்ளைமாவும் பிடித்தால் இதயத்துக்குப் பயனில்லை.

திரான்ஸ் கொழுப்புத்தான் மிகக் கெட்டது. தாவர எண்ணெயைப் பகுதியாக ஐதரசனேற்றும்போது இரட்டைப் பிணைப்பு இருந்தும் சங்கிலி நேராகிவிடுகிறது. அது எல்.டி.எல்.ஐக் கூட்டி, கொலஸ்திரோலை ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் எச்.டி.எல்.ஐயும் குறைக்கிறது. இப்படித் தயாரித்த வனஸ்பதியிலும், அதில் செய்த பேக்கரிப் பண்டங்களிலும் இது இருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை: நிரம்பிய கொழுப்பு மொத்தச் சக்தியில் 10 வீதத்துக்கு மேற்படாமலும், திரான்ஸ் 1 வீதத்துக்கு மேற்படாமலும். 2000 கிலோகலோரி உண்பவருக்கு 10 வீதம் என்பது 200 கிலோகலோரி. கிராமுக்கு 9 கிலோகலோரி என்பதால் ஏறக்குறைய 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் மட்டும் 11 கிராம் அளவில் நிரம்பிய கொழுப்பு உண்டு. இரண்டு கரண்டியோடு அன்றைய கணக்கு முடிந்துவிடும், கறிக்கு விட்ட முதற்பால் இன்னும் எண்ணப்படவில்லை.

ஐயாவிடம் நான் சொல்வது: முட்டையை அளவாகச் சாப்பிடலாம். தாளிக்க நல்லெண்ணெய் எடுங்கள், பொரியலைக் குறையுங்கள், சூடையைப் புளி விட்டு அவித்துச் சாப்பிடுங்கள். மூன்று மாதத்தில் திரும்ப இரத்தம் சோதிப்போம். அதற்கிடையில் மருந்து தேவையா என்பதை, உங்கள் பிரஷரையும் சீனி அளவையும் புகைபிடிப்பதையும் சேர்த்துப் பார்த்து வைத்தியர் தீர்மானிப்பார்.