செயல்திறன் மேம்பாட்டுத் திட்டச் சுருக்கம்: கொள்முதல் கணக்கு உதவியாளர், 1.9.2025 முதல் 30.10.2025 வரை

பெறுநர்: கணக்குப் பிரிவு மேலாளர், பின்னலாடை ஏற்றுமதிப் பிரிவு, திருப்பூர்

மூலத் திட்டத்தில் இருந்த "கூடுதல் கவனத்துடன் பணியாற்ற வேண்டும்" என்ற வரியை அளக்க இயலாது என்பதால் இத்தாளில் சேர்க்கவில்லை.

இலக்கு 1, பதிவு வேகம்: ஜூலையில் வந்த 400 பில்களில் 92 தாமதமாகப் பதிவாயின. அவற்றுள் 38 பில்களுக்கு ஸ்டோரிலிருந்து சரக்கு வரவுச் சீட்டே பிந்தித்தான் வந்தது. அதற்கு உதவியாளர் பொறுப்பல்லர். எனவே பில்லும் வரவுச் சீட்டும் சேர்ந்து மேசைக்கு வந்த நேரத்திலிருந்து 2 வேலை நாட்களுக்குள், 95 சதவீத பில்கள் டேலியில் பதிவாக வேண்டும். இன்வர்டு பதிவேட்டில் தேதியுடன் நேரத்தையும் எழுதினால்தான் இந்தக் கணக்கு நியாயமாக இருக்கும்.

இலக்கு 2, பிழை: ஜிஎஸ்டி எண், எச்எஸ்என் குறியீடு, வரிப் பிரிப்பு ஆகியவற்றில் தவறு நேர்ந்து திருத்தத்திற்குத் திரும்பும் பில்கள் ஜூலையில் 6 சதவீதமாக இருந்தன. இவை இரண்டாம் ஆய்வுக்குள் 4 சதவீதமாகவும் இறுதியில் 2 சதவீதமாகவும் குறைய வேண்டும்.

இலக்கு 3, ஒப்பீடு: ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி கிடைக்கும் GSTR-2B அறிக்கையைக் கொள்முதல் பதிவேட்டுடன் ஒப்பிட்டு, பொருந்தாத பில்களின் பட்டியலை 17ஆம் தேதி மாலைக்குள் தர வேண்டும்.

இலக்கு 4, சிறு நிறுவனங்களுக்கான பணம்: சாயப்பட்டறை, நிட்டிங் ஜாப் ஒர்க் போன்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள், அதிகபட்சம் 45 நாட்களுக்குள், இல்லையெனில் 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். ஆண்டு முடிவில் கெடு கடந்தும் நிலுவையில் நிற்கும் தொகையை, வருமான வரிச் சட்டத்தின் 43B(h) பிரிவின்படி, பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். ஆகவே கெடுவுக்கு 10 நாட்களே மீதமுள்ள பில்களின் பட்டியல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை 11 மணிக்குள் தங்கள் மேசைக்கு வர வேண்டும்.

ஆய்வு நாட்கள்: செப்டம்பர் 18, அக்டோபர் 6, அக்டோபர் 30. ஒவ்வொன்றும் அரை மணி நேர நேர்முகச் சந்திப்பாக நடக்கும். குறிப்பில் இருவரும் கையொப்பமிட்டு, உதவியாளருக்கு அன்றே ஒரு நகல் தரப்படும். தீபாவளி விடுமுறை நாட்கள் எந்த இலக்கின் கணக்கிலும் சேரா.

வாக்களித்த உதவி: மூத்த கணக்கர் செப்டம்பர் 3 முதல் 12 வரை தினமும் ஒரு மணி நேரம் உடன் அமர்ந்து வரிப் பதிவுகளைக் கற்றுத்தருவார். கேட் தொலைபேசியை எடுக்கும் பொறுப்பு செப்டம்பர் 1 முதல் வரவேற்பாளருக்கு மாறும். பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லாத பில்களைக் கொள்முதல் பிரிவே திருப்பி அனுப்பும். இதற்கான சுற்றறிக்கையைத் தாங்கள் செப்டம்பர் 2க்குள் வெளியிட வேண்டும்.

இவ்வுதவிகளையும் இலக்குகளைப் போலவே தேதியிட்டுத் தாளில் குறிக்கக் கோருகிறேன். ஏதேனும் ஓர் உதவி தாமதமானால், அது சார்ந்த இலக்கின் கெடுவும் அதே அளவு நாட்கள் தள்ளிப்போகும். அந்த இடைவெளியில் நேரும் குறைபாடு இறுதி மதிப்பீட்டில் உதவியாளருக்கு எதிராகக் கொள்ளப்படாது.

மனிதவள அலுவலர்
29.8.2025