குழாய்வழி மருத்துவ உணவுக்கான செலவை மறுத்த முடிவின் மீது மேல்முறையீடு

மதுரை,
11.08.2025

அனுப்புநர்:
ச. கயல்விழி,
அண்ணா நகர், மதுரை.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
உடல்நலக் காப்பீட்டுப் பிரிவு, சென்னை.

பொருள்: என் தந்தை திரு. வே. சண்முகம் (வயது 61) அவர்களுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த பெப்டைட் வகைக் குழாய் உணவுக்கான ரூ. 1,46,200 கோரிக்கையை நிராகரித்து 28.07.2025 அன்று தாங்கள் அனுப்பிய கடிதம் – மறுபரிசீலனை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 2017 முதல் இடைவெளியின்றிப் புதுப்பித்துவரும் எங்கள் குடும்பப் பாலிசியில் என் தந்தையும் காப்பீடு பெற்றவர். காப்பீட்டுத் தொகை ரூ. 10 லட்சம். மேற்கண்ட தங்கள் கடிதத்தில் மறுப்புக்குக் காரணமாக இரண்டே வரிகள் உள்ளன: கோரப்பட்ட பொருள் சத்துப் பவுடர் என்பதும், அது மருந்துச் சீட்டின்றிக் கடைகளில் கிடைப்பதால் விலக்கு எண் 14-இன் கீழ் வருகிறது என்பதும். அந்த விலக்கின் முழு வாசகத்தையும் என் தந்தையின் மருத்துவ ஆவணங்களையும் சேர்த்துப் படித்தால் இந்த முடிவு நிற்காது என்பதால் இம்மேல்முறையீட்டை அனுப்புகிறேன்.

கடந்த பிப்ரவரி 3 அன்று, சிறுகுடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியில் ஏற்பட்ட அடைப்பினால் என் தந்தை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இரண்டு அறுவைச் சிகிச்சைகளில் அழுகிய குடல் நீக்கப்பட்டு, மேற்பகுதியில் ஏறத்தாழ 100 சென்டிமீட்டர் சிறுகுடலும் பெருங்குடலில் ஒரு பகுதியும் மட்டும் எஞ்சின. சில வாரங்கள் இரத்தக்குழாய் வழியாகவே ஊட்டம் செலுத்தப்பட்டது. பின்னர் வயிற்றுச் சுவர் வழியாக இரைப்பைக்குள் நேரடியாகச் செல்லும் பெக் குழாய் பொருத்தப்பட்டு, மார்ச் 14 அன்று வீடு திரும்பினார். நோய் வருமுன் 64 கிலோ இருந்தவர் அன்று 45 கிலோ. இந்தச் சிகிச்சைக்கான ரூ. 6,12,350-ஐத் தாங்கள் அலைக்கழிக்காமல் வழங்கினீர்கள். அதற்கு எங்கள் நன்றி உண்டு.

வீட்டுக் கஞ்சியைக் குழாய் வழியாகக் கொடுத்தால் போதாதா என்று தங்கள் மூன்றாம் தரப்பு நிர்வாக அலுவலகத்தில் தொலைபேசியில் என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், நாங்களும் அதைத்தான் முதலில் செய்தோம். டயட்டீஷியன் சொன்னபடி அரிசிக் குருணை, பாசிப்பருப்பு, காரட் மூன்றையும் குழைய வேகவைத்து, மிக்ஸியில் அடித்து, மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டி என் தாயார் சிரிஞ்சில் ஏற்றினார். அப்படியும் முதல் வாரத்தில் மூன்று முறை குழாய் அடைத்துக்கொண்டது. நீர்க்க வடித்துக் கொடுத்தபோது, நாள் முழுவதும் உள்ளே சென்ற இரண்டு லிட்டரில் கிடைத்தது சுமார் 700 கலோரிதான் என்று டயட்டீஷியன் கணக்கிட்டார். உள்ளே போனதும் உடம்பில் ஒட்டவில்லை. சமையலறைச் சுவரிலுள்ள தினக்காட்டியில், அவர் மலம் கழித்த ஒவ்வொரு முறையும் என் தாயார் பென்சிலால் ஒரு கோடு போட்டுவந்தார். மார்ச் 27-க்கான கட்டத்தில் பதினொரு கோடுகள் இருக்கின்றன. அந்தத் தாளின் படத்தையும் இணைத்துள்ளேன். சிறுநீர் குறைந்து, நாக்கு வறண்டு, எழுந்து நிற்க முடியாத நிலையில் மார்ச் 29 அன்று மீண்டும் சேர்க்கப்பட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியில் கடும் நீரிழப்பு, அதனால் ஏற்பட்ட சிறுநீரகப் பாதிப்பு, குறுகிய குடல் நோய் என்று தெளிவாக எழுதப்பட்டுள்ளது. அந்த ஏழு நாள் சிகிச்சைக்குத் தாங்கள் கேஷ்லெஸ் முறையில் வழங்கிய தொகை ரூ. 1,08,400.

மார்ச் 31 அன்று, மருத்துவமனையிலேயே, குடல் அறுவைச் சிகிச்சை நிபுணரும் டயட்டீஷியனும் சேர்ந்து பெப்டைட் வகை உணவுக்கு மாற்றினார்கள். காரணத்தை மருத்துவரின் 05.08.2025 தேதியிட்ட கடிதம் விளக்குகிறது: இவ்வகை உணவில் புரதம் ஏற்கெனவே சிறு துண்டுகளாகச் சிதைக்கப்பட்டிருக்கிறது; கொழுப்பின் பெரும்பகுதி பித்தநீரின் துணை அதிகம் தேவைப்படாமல் உறிஞ்சப்படும் நடுத்தரச் சங்கிலி வகையைச் சேர்ந்தது; ஆகவே மிகக் குறைந்த நீளமே எஞ்சிய குடலும் அதை ஏற்கிறது. அந்த ஏழு நாள் பில்லில் இதே உணவின் ஐந்து டின்கள் இடம்பெற்றிருந்தன. அவற்றைத் தாங்கள் கழிக்கவில்லை. ஏப்ரல் 4 வரை சிகிச்சையாக இருந்த ஒரு பொருள், மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் சத்துப் பவுடராக எப்படி மாறியது என்பதற்குத் தங்கள் கடிதத்தில் விடை இல்லை.

இனி விலக்கு எண் 14-க்கு வருகிறேன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த சீர்மையான வாசகமே எங்கள் பாலிசியிலும் உள்ளது. மருந்துச் சீட்டின்றி வாங்கக்கூடிய உணவுத் துணைப்பொருள்களையும், வைட்டமின், தாது உள்ளிட்ட பொருள்களையும் அது விலக்குகிறது. ஆனால் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. மருத்துவமனைச் சிகிச்சைக் கோரிக்கையின் பகுதியாகவோ பகல்நேரச் சிகிச்சையின் பகுதியாகவோ மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால் விலக்கு பொருந்தாது என்று அது தொடர்கிறது. தங்கள் கடிதம் முதல் பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறது. என் தந்தைக்கு இந்த உணவு எழுதப்பட்டது மருத்துவமனைப் படுக்கையில், தாங்கள் ஏற்றுக்கொண்ட ஒரு கோரிக்கையின் போது. டிஸ்சார்ஜ் சம்மரியின் மருந்துப் பட்டியலில் முதல் வரியாகவே அது இருக்கிறது: நாளொன்றுக்கு 300 கிராம், சுமார் 1,380 கலோரி, பம்ப் வழியாக.

இந்தக் கோரிக்கை அந்தச் சேர்க்கையின் பிந்தைய செலவுக்கானது. மருத்துவமனையில் சேர்க்கக் காரணமான அதே நோய்க்காகச் செலவிடப்பட்டிருக்க வேண்டும், உள்நோயாளிக் கோரிக்கை ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்பவையே அதற்கான நிபந்தனைகள், இரண்டும் நிறைவேறியுள்ளன. எங்கள் பாலிசியில் அதற்குரிய காலம் 90 நாள், அதாவது ஜூலை 3 வரை. நாளுக்கு 300 கிராம் வீதம் 27 கிலோ. 400 கிராம் டின் கணக்கில் 68 டின்கள். டின் ஒன்றுக்கு ரூ. 2,150 வீதம் ரூ. 1,46,200. கோரியது இந்தத் தொகையைத்தான். பம்ப் வாடகையை நான் கோரவில்லை.

கடையில் சீட்டின்றிக் கிடைக்கும் என்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிடைக்கும் என்பது உண்மைதான். ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் அப்படித்தான் கிடைக்கிறது. இதே 90 நாள் கோரிக்கையில் இருந்த ஓ.ஆர்.எஸ். பில்லைத் தாங்கள் கேள்வியின்றி ஏற்று, அதே நோய்க்காக அதே மருத்துவர் அதே தாளில் எழுதிய உணவை மறுத்திருக்கிறீர்கள்.

மேலும், உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், உடல்நலத் துணைப்பொருள்களை ஒரு வகையாகவும், சிறப்பு மருத்துவ நோக்கத்துக்கான உணவை வேறொரு வகையாகவும் பிரிக்கின்றன. என் தந்தைக்குக் கொடுக்கப்படுவது இரண்டாம் வகை. மருத்துவ ஆலோசனையின்படி மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று டின்னின் மீதே அச்சிடப்பட்டுள்ளது. படம் இணைப்பில் உள்ளது. காலையில் பாலில் கலந்து குடிக்கும் பொருளும் இதுவும் ஒன்றல்ல. இதைக் கலக்கினால் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதால், மாலை 5, இரவு 9, நள்ளிரவு 1, விடியற்காலை 5 என நான்கு தவணையாக, தவணைக்கு 75 கிராம் அளந்து கலக்கி, மணிக்கு 85 மில்லி வேகத்தில் பம்பில் விடுகிறோம். நள்ளிரவுத் தவணைக்கு என் தாயார் ஏப்ரல் முதல் அலாரம் வைத்து எழுகிறார்.

மருத்துவ ரீதியில் அவசியமான சிகிச்சை என்பதற்குப் பாலிசி கூறும் இலக்கணத்தையும் இது பூர்த்தி செய்கிறது: மருத்துவர் எழுதியது, நோயைக் கையாளத் தேவையானது, தேவைக்கு மிஞ்சாதது, மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட முறை. தேவைக்கு மிஞ்சவில்லை என்பதற்குச் சான்று, இதைவிட மலிவான வழியை முதலில் முயன்று தோற்றதே. பலனைக் கேட்டால், மார்ச் இறுதியில் 43 கிலோவாக இருந்த எடை ஆகஸ்ட் 4 அன்று 50.2 கிலோ. மலம் நாளுக்கு மூன்று நான்கு முறையாகக் குறைந்துள்ளது. சிறுநீரகப் பரிசோதனை முடிவு இயல்புக்குத் திரும்பிவிட்டது. ஏப்ரல் 4-க்குப் பின் ஒரு நாள்கூட அவர் மருத்துவமனையில் சேர்க்கப்படவில்லை. கஞ்சியில் இருந்த இரண்டு வாரங்களின் முடிவில் தாங்கள் கொடுக்க நேர்ந்தது ரூ. 1,08,400; இந்த உணவு ஒரு மாதத்துக்கு ரூ. 49,450.

ஜூலை 3-க்குப் பிந்தைய செலவைப் பற்றி ஒரு தனி வேண்டுகோள். இதை மேற்சொன்ன கோரிக்கையோடு குழப்ப விரும்பவில்லை, அதன் அடிப்படையும் வேறு. எங்கள் பாலிசியில் வீட்டிலேயே தரப்படும் சிகிச்சைக்கான பிரிவு உள்ளது. அதற்கு மருத்துவர் கையொப்பமிட்ட அன்றாடக் கண்காணிப்புப் பதிவேடு தேவை. எடை, உள்ளே சென்ற அளவு, மலம், சிறுநீர் ஆகியவற்றை நாங்கள் தினமும் எழுதிவருகிறோம்; ஆனால் மருத்துவர் இதுவரை பதினைந்து நாளுக்கொருமுறைதான் அதைப் பார்த்துக் கையொப்பமிட்டிருக்கிறார். இது போதுமா, போதாதெனில் எந்த வடிவில் தர வேண்டும் என்பதை எழுத்தில் தெரிவித்தால் அதன்படி செய்ய மருத்துவர் இசைந்துள்ளார். என் கோரிக்கை ஏற்கப்பட்டால் இந்தப் பாலிசி ஆண்டில் மீதமிருப்பது ரூ. 1,33,050-க்கு மேல் இருக்காது. அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையில்லை என்பதை அறிவேன்.

ஆகவே, ரூ. 1,46,200-ஐ வழங்க உத்தரவிடுமாறும், அவ்வாறு முடியாதெனில், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கை கோருகிறபடி கோரிக்கை மறுஆய்வுக் குழு இந்த மறுப்பை ஒப்புதல் செய்ததா என்பதையும், விலக்கு 14-இன் விதிவிலக்கு ஏன் பொருந்தாது என்பதையும் பாலிசிப் பிரிவைச் சுட்டி எழுத்தில் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இந்த உணவு குறித்து முடிவெடுக்கும் மருத்துவர் குடல் நோயியலோ ஊட்டச்சத்து மருத்துவமோ அறிந்தவராக இருப்பது நல்லது. என் தந்தையின் மருத்துவர் அவரோடு தொலைபேசியில் பேசத் தயாராக உள்ளார். ஒரு மாதத்துக்குள் பதில் கிடைக்காவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ, பீமா பரோசா தளத்திலும், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்திலும் முறையிட வேண்டியிருக்கும். கடையில் கடனாக வாங்கிய டின்களில் இன்றைக்கு ஒன்பதுதான் மீதம் உள்ளன. பன்னிரண்டு நாளைக்கு வரும்.

இணைப்புகள்: 28.07.2025 தேதியிட்ட மறுப்புக் கடித நகல், இரு டிஸ்சார்ஜ் சம்மரிகள், மருத்துவரின் 05.08.2025 தேதியிட்ட கடிதம், டயட்டீஷியனின் கணக்கீட்டுத் தாள், 68 டின்களுக்கான அசல் பில்கள், ஐந்து டின்கள் இடம்பெற்ற மருத்துவமனைப் பில், எடை மற்றும் மலப் பதிவேடு, தினக்காட்டித் தாளின் படம், டின் லேபிளின் படம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. கயல்விழி
(காப்பீடு பெற்றவரின் மகள், பாலிசிதாரர்)